1,350 கிலோ பேலட், 1.5 டன் ஃபோர்க்லிஃப்ட்: கவிழுமா?

கேள்வி: எங்கள் டெஸ்பாட்ச்சில் 1.5 டன் ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறது. 1200 × 1000 பேலட்டில் கியர்பாக்ஸும் மோட்டாரும் ஒரு முனையில், ஃபிளாஞ்ச் பெட்டியும் கன்ட்ரோல் பேனலும் மறுமுனையில் வைத்துக் கட்டுகிறோம். மொத்தம் 1,350 கிலோதான். ஆனாலும் தூக்கும்போது பின்பக்கம் லேசாகிறது என்கிறார் ஆபரேட்டர். ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி கவிழ வாய்ப்பு உண்டா அண்ணா?

பதில்:

உங்கள் ஆபரேட்டர் சொல்வதை நம்புங்கள். ஃபோர்க்லிஃப்டில் திரும்புவது பின்சக்கரம். அதன் மேல் அழுத்தம் குறைந்தால் ஸ்டியரிங் பிடித்திருக்கும் கைக்குத்தான் முதலில் தெரியும். நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரையில், இதே பேலட்டை ஒரு முனையிலிருந்து தூக்கினால் வண்டியின் வரம்பைத் தாண்டுகிறது. எதிர் முனையிலிருந்து தூக்கினால் வரம்புக்குள் அடங்குகிறது. எடை ஒரு கிலோகூட மாறவில்லை, ஈர்ப்பு மையம் இருக்கும் தூரம்தான் மாறுகிறது.

முதலில் அந்த 1.5 டன் என்ற எண்ணைப் பார்ப்போம். வண்டியில் ஒரு தகடு ஆணியடித்திருக்கும். அதில் 1,500 கிலோ என்பதோடு 500 மி.மீ. என்றும் போட்டிருக்கும். இந்த 500 என்பதுதான் லோட் சென்டர். ஃபோர்க்கின் நிமிர்ந்து நிற்கும் முகத்திலிருந்து சரக்கின் ஈர்ப்பு மையம் வரை உள்ள கிடைத்தூரம் அது. 5 டன்னுக்குக் கீழே உள்ள வண்டிகளுக்குப் பொதுவாக 500 மி.மீ. என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 1,500 கிலோவின் மையம் 500 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால் இந்த வண்டி தூக்கும், அவ்வளவுதான் அந்தத் தகடு சொல்வது. வெறும் 1,500 கிலோவை எப்படி வேண்டுமானாலும் தூக்கும் என்று அது சொல்லவில்லை.

வண்டி முன்னால் சாய்ந்தால் எதன் மேல் சாயும்? முன்சக்கர அச்சின் மேல். சீசா பலகைக்கு நடுவில் இருக்கும் கட்டையைப் போல, இங்கே முன் அச்சுதான் தாங்குபுள்ளி. ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் வண்டியின் உடலும் கவுன்டர் வெயிட்டும். ஆகவே சரக்கின் தூரத்தை முன் அச்சிலிருந்து அளக்க வேண்டும், ஃபோர்க் முகத்திலிருந்து அல்ல. முன் அச்சுக்கும் ஃபோர்க் முகத்துக்கும் நடுவே 1.5 டன் வண்டியில் ஏறக்குறைய 400 மி.மீ. இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு கிடைக்கும். இப்போது வரம்பைக் கணக்கிடலாம்.

1,500 × (400 + 500) = 13.5 லட்சம் கிலோ-மி.மீ.

இதைத்தான் பள்ளிக்கூடத்தில் திருப்புத்திறன் என்று படித்தோம். சரக்கின் எடையை முன் அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் வரும் எண் 13.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் எடை 1,350 கிலோ என்பதால், ஈர்ப்பு மையம் ஃபோர்க் முகத்திலிருந்து அதிகபட்சம் 600 மி.மீ. தூரத்தில் இருக்கலாம். 1200 மி.மீ. நீளவாக்கில் ஃபோர்க்கை விட்டால் 600 என்பது பேலட்டின் சரிநடு. அதாவது எடை முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால்கூட, இந்தப் பேலட் உங்கள் வண்டியின் வரம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளினாலும் மீறல்தான். 1,500-க்கு 1,350 குறைவு என்ற நினைப்பு இங்கேதான் ஏமாற்றுகிறது.

சரி, மையம் எங்கே? நீங்கள் தனித்தனி எடையும் இடமும் தரவில்லை. அதனால் இந்த மாதிரி செட்டுக்குப் பொருந்தும் அளவுகளை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை அதே இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். லேசான பெட்டிகள் இருக்கும் முனையின் விளிம்பைப் பூஜ்யமாக வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பொருளின் நடுப்பகுதியும் எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்து, எடையால் பெருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ்: 700 × 850 = 5,95,000
மோட்டார்: 320 × 800 = 2,56,000
ஃபிளாஞ்ச் பெட்டி: 180 × 300 = 54,000
பேனல்: 120 × 250 = 30,000
பேலட்: 30 × 600 = 18,000

கூட்டினால் 9,53,000. அதை மொத்த எடை 1,350-ஆல் வகுத்தால் 706 மி.மீ. ஈர்ப்பு மையம் நடுவிலிருந்து 106 மி.மீ. கனமான பக்கம் தள்ளி இருக்கிறது. எல்லாக் கனமும் ஒரு முனையில் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் மையம் அந்த முனை வரை போய்விடாது. அதே சமயம் நடுவிலும் இருக்காது. குத்துமதிப்பாகச் சொன்னால் இரண்டு பக்கமும் தவறு வரும், அதனால் எண்ணாகப் போடுவதுதான் நல்லது.

இப்போது இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். லேசான முனையிலிருந்து ஃபோர்க்கை விட்டால் கனம் தொலைவில் இருக்கும். 1,350 × (400 + 706) = 14.93 லட்சம். வரம்பு 13.5 லட்சம், ஆக சுமார் 11 சதவீதம் அதிகம். கனமான முனையிலிருந்து விட்டால் தூரம் 1200 − 706 = 494 மி.மீ. 1,350 × 894 = 12.07 லட்சம். வரம்புக்குள் இருக்கிறது. பெரும்பாலும் உங்கள் ஆட்கள் லேசான முனையிலிருந்துதான் தூக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். கியர்பாக்ஸின் ஷாஃப்ட், ஃபோர்க் ஏறி இறங்கும் மாஸ்ட்டில் இடிக்கும் என்ற பயத்தில் பலரும் அப்படிச் செய்வதுண்டு.

எடை தெரியாத சரக்கு என்றால் அளந்துதான் ஆக வேண்டும். தரையில் வைக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று போதும், மொத்த எடையையும் தாங்கும் பெரிய தராசு தேவையில்லை. பேலட்டின் ஒரு முனை விளிம்பு மட்டும் தராசின் மேல் வைத்த ஆங்கிள் இரும்பில் உட்கார வேண்டும். மறுமுனை விளிம்பு அதே உயரமுள்ள ஒரு கட்டையின் மேல் உட்கார வேண்டும். பேலட்டின் அடிப்பலகை இரண்டு இடத்திலும் உறுதியாக இருக்கிறதா, பேலட் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த முனையைத் தராசின் மேல் வைத்து இன்னொரு எண்ணை எடுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. மேலே உள்ள பேலட்டுக்குக் கனமான முனையில் 794, லேசான முனையில் 556 என்று காட்டும். 794-ஐ 1200-ஆல் பெருக்கி 1,350-ஆல் வகுத்தால் அதே 706 வந்து நிற்கும். இரண்டு எண்களின் கூட்டு உங்கள் பில்லில் இருக்கும் எடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் பில்லை நம்ப வேண்டாம். வார்ப்பு இரும்பு கியர்பாக்ஸில் எண்ணெய் ஊற்றினார்களா இல்லையா என்பதே பல கிலோ வித்தியாசம் காட்டும்.

கியர்பாக்ஸ் மரப்பெட்டியில் வந்திருந்தால், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு சிலுவைக் கோடும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈர்ப்பு மையத்தைக் காட்டும் சர்வதேசக் குறி அது. அது இருந்தால் அந்தப் பொருளின் தூரத்தை அங்கிருந்தே அளக்கலாம். பெட்டியின் நடுதான் பொருளின் மையம் என்று எடுத்துக்கொள்வது கியர்பாக்ஸ் விஷயத்தில் அடிக்கடி தப்பாகிறது.

அப்படியானால் 11 சதவீதம் மீறினால் உடனே வண்டி கவிழ்ந்துவிடுமா? மட்டமான தரையில், ஃபோர்க் தாழ்வாக, வண்டி அசையாமல் நிற்கும்போது கவிழாது. தயாரிப்பாளர்கள் வரம்பை விளிம்பில் வைப்பதில்லை. ஆனால் அந்த மிச்ச இடம் எதற்கு என்று தெரிந்தால் அதைச் செலவழிக்க மாட்டோம். உதாரணத்துக்கு வெறும் வண்டி 2,300 கிலோ, அதில் பின் அச்சில் விழும் பளு 1,300 கிலோ, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 1,400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியை அழுத்திப் பிடித்திருக்கும் திருப்புத்திறன் 1,300 × 1,400 = 18.2 லட்சம். சரக்கை லேசான முனையிலிருந்து தூக்கினால் மிச்சம் 3.27 லட்சம், அதாவது பின் அச்சில் 233 கிலோ மட்டும். கனமான முனையிலிருந்து தூக்கினால் மிச்சம் 6.13 லட்சம், பின் அச்சில் 438 கிலோ. உங்கள் ஆபரேட்டர் கையில் உணர்ந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

இப்போது பிரேக்கைச் சேருங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, யாரோ குறுக்கே வந்துவிட்டதால் 2 மீட்டருக்குள் நிற்கிறது. வேகம் குறையும் அளவு ஏறக்குறைய புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது சரக்கும் வண்டியும் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் தள்ளுகின்றன. அந்தத் தள்ளல் அவற்றின் ஈர்ப்பு மைய உயரத்தில் வேலை செய்கிறது. சரக்கின் மையம் தரையிலிருந்து 700 மி.மீ., வண்டியின் மையம் 550 மி.மீ. என்றால், சரக்கால் 1.89 லட்சம், வண்டியால் 2.53 லட்சம், மொத்தம் 4.42 லட்சம். லேசான முனையிலிருந்து தூக்கியபோது மிச்சம் இருந்தது 3.27 லட்சம்தான், பின்சக்கரம் எழும்பிவிடும். மறுபக்கமிருந்து தூக்கியிருந்தால் 6.13 இருந்தது, வண்டி தாங்கும். நின்றபடி தூக்கிப் பார்த்து "தூக்கிவிட்டதே" என்று திருப்திப்படுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது. சரிவில் முன்பக்கமாக இறங்கும்போதும் இதே மாதிரிதான் நடக்கும், அதனால் சரக்கோடு சரிவில் இறங்கும்போது ரிவர்ஸில், சரக்கு மேட்டுப் பக்கம் இருக்கும்படிதான் வர வேண்டும்.

பின்பக்கம் எழும்பினால் பொதுவாக வண்டி குட்டிக்கரணம் போடாது. ஃபோர்க் நுனி தரையில் குத்தும், சரக்கு வழுக்கி விழும், பளு போனவுடன் பின்பக்கம் டமாரென்று தரையில் இறங்கும். பல வருடம் முன்னால் நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் பின்பக்கம் லேசாகிறது என்று இரண்டு ஹெல்பர்களைக் கவுன்டர் வெயிட் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். லோடிங் மேட்டின் விளிம்பில் பிரேக் போட்டதும் பேலட் நழுவியது, வண்டியின் பின்பக்கம் தரையில் விழுந்தது, மேலே நின்றவர்களில் ஒருவர் கீழே விழுந்து கணுக்கால் உடைந்தது. எட்டு மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. ஆட்களை ஏற்றி எடை கூட்டுவதை உங்கள் இடத்தில் யார் சொன்னாலும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

உயரம் தூக்கும் விஷயம் வேறு. மட்டமான தரையில் நேர் மேலே தூக்கினால் முன் அச்சிலிருந்து தூரம் மாறாது, கணக்கும் மாறாது. ஆனால் ரேக்கில் வைக்க மாஸ்ட்டை முன்னால் சாய்ப்பார்களே, அங்கேதான் ஆபத்து. சரக்கின் மையம் மாஸ்ட்டின் அடிப்பகுதியிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது வெறும் 3 டிகிரி முன்னால் சாய்த்தால் மையம் 157 மி.மீ. வெளியே போகும். நல்ல பக்கத்திலிருந்து தூக்கிய 494 அப்போது 651 ஆகிவிடும், வரம்பு 600. அதனால் இந்தச் சரக்கை ரேக்கின் மேல்தட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். உயரமான மாஸ்ட் உள்ள வண்டிகளின் தகட்டில் உயரத்துக்கு ஏற்பக் குறைந்த எடை தனியாகப் போட்டிருப்பார்கள். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் சைடு ஷிஃப்டர் மாதிரி ஏதாவது மாட்டியிருந்தால் அதற்கும் வேறு எண் இருக்க வேண்டும். பழைய தகட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது. பேலட் ஃபோர்க்கின் முகத்தை முழுசாகத் தொடுவதில்லை. ஏதோ இடிக்கிறது என்று 100 மி.மீ. இடைவெளி விட்டே தூக்கிவிடுவார்கள். அந்த 100 அப்படியே லோட் சென்டரில் சேர்கிறது, 494 என்பது 594 ஆகிறது. ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருப்பதால் பேலட் உள்ளே வரவில்லை என்றால், பொருளைத் திருப்பிக் கட்டுவதுதான் வழி.

பக்கவாட்டையும் ஒரு முறை பார்த்துவிடுவோம். 1000 மி.மீ. அகலத்தில் இடது விளிம்பிலிருந்து கியர்பாக்ஸ் 320, மோட்டார் 780, ஃபிளாஞ்ச் பெட்டி 300, பேனல் 700 என்று வைத்தால், மேலே போட்ட அதே முறையில் மையம் 464 மி.மீ.-ல் வருகிறது. நடுவிலிருந்து 36 மி.மீ. இடதுபக்கம். ஃபோர்க்குகள் 600 மி.மீ. இடைவெளியில் இருந்தால் இடது ஃபோர்க்கில் 56 சதவீதம் விழும், கவலை இல்லை. ஆனால் வழியில் ஒரு கஸ்டமரிடம் மோட்டாரை மட்டும் இறக்கிவிட்டால் மையம் 366-க்குப் போய்விடும். 134 மி.மீ. விலகல், இடது ஃபோர்க்கில் 72 சதவீதம். மொத்த எடை 1,030 ஆகக் குறைந்ததால் முன்னால் சாயும் பயம் போய்விட்டது, பக்கவாட்டில் புதிதாக ஒன்று வந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் நான்கு சக்கரத்தில் நின்றாலும் பின் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஆடும்படி மாட்டியிருப்பதால், அது உண்மையில் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது: முன்சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடு ஒன்று. சரக்கை உயர்த்திக்கொண்டு திரும்பும்போது வண்டியும் சரக்கும் சேர்ந்த மையம் அந்த முக்கோணத்தின் பக்கக் கோட்டைத் தாண்டினால் வண்டி பக்கவாட்டில் விழும். முன்னால் சாய்வதைவிட இதில்தான் ஆபரேட்டருக்கு உயிராபத்து அதிகம். அப்படி ஒரு பேலட் வந்தால் ஃபோர்க் ஜோடியையே மையத்துக்கு நேராக நகர்த்திப் பிடித்து, தரையை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது உங்கள் பேலட்டுக்கு வருவோம். கனமான முனையிலிருந்து தூக்குங்கள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் இறக்கும் இடத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கன்டெய்னரில் ஏற்றினால், நீங்கள் பிடித்த அதே முகம்தான் கதவுப் பக்கம் இருக்கும், இறக்குபவரும் அதே முகத்தில்தான் பிடிப்பார். திறந்த லாரியில் இடதுபக்கம் நின்று ஏற்றி, அங்கே வலதுபக்கம் நின்று இறக்கினால் அவருக்குக் கிடைப்பது எதிர் முகம், அதாவது 706. அவர் வண்டியும் 1.5 டன்னாக இருந்தால் நீங்கள் தவிர்த்த ஆபத்து அவரிடம் போய்ச் சேர்கிறது.

உங்கள் பேலட் நான்கு பக்கமும் ஃபோர்க் போகிற வகை என்றால் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1200 மி.மீ. நீளமுள்ள பக்கத்திலிருந்து பிடியுங்கள், அப்போது உள்ளே போகும் ஆழம் 1000 மட்டும். இடதுபக்கம் பிடித்தால் மையம் 464, வலதுபக்கம் பிடித்தால் 536. இரண்டுமே 600-க்குள். ஆனால் நீளவாக்கில் இருந்த 106 மி.மீ. விலகல் இப்போது பக்கவாட்டு விலகலாக மாறிவிடும், அதைக் குறைக்க வேண்டும். கியர்பாக்ஸையும் மோட்டாரையும் 100 மி.மீ. உள்ளே நகர்த்தி முறையே 750-லும் 700-லும் வையுங்கள். ஃபிளாஞ்ச் பெட்டியையும் பேனலையும் விளிம்பை ஒட்டி 200-க்குத் தள்ளுங்கள். 5,25,000 + 2,24,000 + 36,000 + 24,000 + 18,000 = 8,27,000. வகுத்தால் 613 மி.மீ. நடுவிலிருந்து வெறும் 13 மி.மீ. விலகல். ஆணியடிக்கும் கட்டைகளை மட்டும் மாற்றினால் போதும், புதுப் பேலட்டும் வேண்டாம், புது வண்டியும் வேண்டாம். பிறகு இரண்டு நீளப் பக்கங்களிலும் பெயின்ட்டில் ஃபோர்க் விடும் இடத்தைக் குறித்து, குறுகிய பக்கங்களில் "இங்கே தூக்காதே" என்று எழுதிவிடுங்கள். உங்கள் பேலட் இரண்டு பக்கம் மட்டும் திறந்த வகை என்றால் கியர்பாக்ஸைத் தனிப் பேலட்டில் போடுங்கள், 700 கிலோ மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு எந்தப் பக்கமும் சிரமம் இல்லை.